டாஷ்போர்டு கேட்கும்முன் 'சேல்ஸ்' என்றால் என்னவென்று எழுதிக்கொடுங்கள்

"ஒரு சேல்ஸ் டாஷ்போர்டு வேணும், சேல்ஸ், டார்கெட், க்ரோத் எல்லாம் வரணும், இந்த வாரத்துக்குள்ள முடியுமா?" விற்பனைப் பிரிவிலிருந்து அனலிஸ்டுக்குப் போகும் வேலைக் குறிப்பு பெரும்பாலும் இந்த ஒற்றை வரிதான். அவரும் ஏதோ ஒன்றைச் செய்து தந்துவிடுவார், பார்க்க நன்றாகவே இருக்கும். அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் ஏரியா சேல்ஸ் மேனேஜர், அதாவது ஏ.எஸ்.எம்., ஒரு எண் சொல்வார், அக்கவுண்ட்ஸ் இன்னொரு எண் சொல்லும், டாஷ்போர்டு மூன்றாவதாக ஒன்று காட்டும். அன்றோடு அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

நான் மதுரையை மையமாகக் கொண்டு தென்மாவட்டங்களில் மிக்சர், முறுக்கு, சேவு பாக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைத் திட்டமிடலைப் பார்க்கிறேன். தீபாவளி சீசனுக்கு முன் தயாராக வேண்டிய ஒரு டாஷ்போர்டுக்காக எங்கள் அனலிஸ்டுக்கு இந்த மாதம் பிரீஃப் எழுதினேன். அவர் வேறு துறையிலிருந்து வந்தவர், டேட்டா வேலையில் கெட்டிக்காரர், ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர், சேல்ஸ்மேன் சுற்றிவரும் கடை வரிசையான பீட், ஸ்கீம் என்ற உலகம் அவருக்குப் புதிது. அந்த பிரீஃபில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கன்சியூமர் பொருள் விற்கும் எந்த நிறுவனத்திலும் இதில் பாதியாவது அப்படியே பொருந்தும்.

முதல் பத்தியில் எந்த எண்ணும் இல்லை. யார், எப்போது, எதற்காகத் திறப்பார் என்பது மட்டும்தான். காலை எட்டரை மணிக்கு ஏ.எஸ்.எம். தன் போனில் திறப்பார், அன்றைக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டரைப் போய்ப் பார்ப்பது, யாருக்கு ஆர்டர் போடுவது, யாருக்கு இந்த வாரம் சரக்கே ஏற்றக்கூடாது என்று முடிவு செய்வார். இதை எழுதியதுமே கேட்கவேண்டிய எண்கள் தாமாகச் சுருங்கிவிட்டன. போனில் பார்ப்பதால் பெரிய அட்டவணை வேண்டாம். சரக்கு ஏற்றலாமா என்பதுதான் கேள்வி என்பதால் மாநில அளவு மொத்தம் முதல் பக்கத்தில் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் வாரியாக வேண்டும். கடைசியில் ஐந்து அளவுகள்தான் மிஞ்சின: நிகர பிரைமரி, செகண்டரி, டிஸ்ட்ரிபியூட்டரிடம் எத்தனை நாள் சரக்கு, அந்த மாதம் வாங்கிய கடைகள் எத்தனை, இலக்கில் எவ்வளவு வந்தது. மேலதிகாரிகள் கேட்ட இன்னும் பத்துப் பன்னிரண்டு எண்களை "இதைப் பார்த்துவிட்டுக் காலையில் என்ன செய்வீர்கள்" என்று கேட்டே ஒதுக்கினோம்.

இனிதான் நேரம் பிடித்த பகுதி. மேலே சொன்ன ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்பது விற்பனைக்காரர்கள் தலையில் இருக்கிறது, எந்த சிஸ்டத்திலும் இல்லை. அனலிஸ்ட் அதை ஊகிக்கக்கூடாது, நாம்தான் எழுதித்தர வேண்டும்.

கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு பில் போடுவது பிரைமரி. டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு பில் போடுவது செகண்டரி. எங்கள் தொழிலில் 'சேல்ஸ்' என்று சும்மா சொன்னால் அது பிரைமரி, ஏனென்றால் இலக்கும் இன்சென்டிவும் அதில்தான் இருக்கின்றன. அதனால் மாதத்தின் கடைசி மூன்று நாளில் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கைக் கட்டிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பிரைமரியை மட்டும் காட்டும் டாஷ்போர்டு இந்தப் பழக்கத்துக்குக் கைதட்டும். நான் கேட்டது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எண், அதாவது கையிருப்பு நாள்.

தேனிப் பக்கம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் என்று வைத்துக்கொண்டு பிரீஃபிலேயே ஒரு கணக்கைப் போட்டுக்காட்டினேன். மாதத் தொடக்கத்தில் அவரிடம் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு. நாம் அந்த மாதம் ஏற்றியது 12 லட்சம். அவர் கடைகளுக்குத் தள்ளியது 8.5 லட்சம். மாத முடிவில் மீதம் 7.5 லட்சம். அவர் ஒரு நாளைக்குச் சராசரியாக விற்பது சுமார் 28,300 ரூபாய் என்பதால் கையில் இருப்பது 26 நாளைக்கும் மேலான சரக்கு, மாதத் தொடக்கத்தில் இதே வேகத்தில் அது 14 நாளாக இருந்தது. பிரைமரி மட்டும் பார்த்தால் இவர் இந்த மாதத்து ஹீரோ. உண்மையில் அடுத்த மாதம் பாதி நாள் இவரிடம் ஆர்டரே வராது, அதற்குள் மூன்று மாத ஆயுள் உள்ள முறுக்கு பாக்கெட்டுகள் குடோனில் ஒரு மாதத்தை இழந்திருக்கும்.

இந்தக் கணக்கில் வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. பிரைமரி பில் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கும் விலையில் இருக்கும். செகண்டரி பில் கடைக்காரர் வாங்கும் விலையில், அதாவது டிஸ்ட்ரிபியூட்டரின் லாபமும் சேர்ந்து இருக்கும். அந்த லாபம் 8 சதவீதம் என்றால் 8.5 லட்சம் சரக்கு செகண்டரி ரிப்போர்ட்டில் 9.18 லட்சமாக வரும். அதை அப்படியே கழித்தால் கையிருப்பு 68,000 ரூபாய் குறைவாகத் தெரியும். ஒரு மாதத்துக்கு அது கண்ணில் படாது. ஆனால் மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும். விற்ற அளவுக்கே வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் 4 லட்சம் சரக்கு ஆறாவது மாதம் மைனஸில் போய் நிற்கும். டாஷ்போர்டில் நிறைய டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குக் கையிருப்பு மைனஸாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதனால் பிரீஃபில் ஒரு வரி: செகண்டரியை ரூபாயில் எடுக்க வேண்டாம், பாக்கெட் எண்ணிக்கையில் எடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் விலைப்பட்டியலால் பெருக்குங்கள்.

கையிருப்பு நாளுக்கான சூத்திரத்தை நானே எழுதிக் கொடுத்தேன். நாங்கள் டாஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐயில் அது இவ்வளவுதான்:

```
Stock Days = DIVIDE([Closing Stock], [Secondary Last 30D]) * 30
```

இதில் `DIVIDE` என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கீழே உள்ள எண் பூஜ்யமாக இருந்தால் இது பிழை காட்டாமல் காலியாக விட்டுவிடும். காலியாக விடுவதோடு அது முடியக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதினேன், ஏனென்றால் செகண்டரி பூஜ்யம் என்றால் ஒன்று அவர் நிஜமாகவே விற்கவில்லை, இல்லாவிட்டால் அவர் கடை கம்ப்யூட்டரிலிருந்து டேட்டா ஏறவில்லை. இரண்டுக்கும் ஏ.எஸ்.எம். செய்ய வேண்டியது வேறு வேறு. ஆகவே ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டர் பெயருக்குப் பக்கத்திலும் 'கடைசியாக டேட்டா வந்த தேதி' கட்டாயம், மூன்று நாளுக்கு மேல் ஆகியிருந்தால் அந்த வரியே சாம்பல் நிறத்தில் வரவேண்டும்.

வரி விஷயம் அடுத்தது. நிகர பிரைமரி என்பது ஜிஎஸ்டி இல்லாத தொகை என்று எழுதினேன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் 2025 செப்டம்பர் 22 அன்று பாக்கெட் மிக்சர் வகைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதே 100 ரூபாய் சரக்கு அதற்கு முந்தின நாள் பில்லில் 112, அதன்பின் 105. பில் மொத்தத்தை எடுத்துக்கொண்டு போன வருடத்தோடு ஒப்பிட்டால், ஒரு பாக்கெட்கூடக் குறையாமல் விற்றிருந்தாலும் 6.25 சதவீதம் வீழ்ச்சி என்று காட்டும். டாலியிலிருந்து எடுக்கும் சேல்ஸ் ரிஜிஸ்டரில் வவுச்சரின் மொத்தத் தொகை முதலில் கண்ணில் படும் நெடுவரிசை, அதைத்தான் பலர் இழுத்துவிடுகிறார்கள். எந்த நெடுவரிசை என்று பெயரோடு சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

ரிட்டர்ன் பற்றி அனலிஸ்டே கேட்டார். "சார், ஆகஸ்ட்ல வித்த சரக்கு அக்டோபர்ல டேமேஜ்னு திரும்பி வந்தா எந்த மாசத்துல கழிக்கிறது?" சரியான கேள்வி. கிரெடிட் நோட் எந்தத் தேதியில் போடப்பட்டதோ அந்த மாதத்தில் கழியுங்கள் என்றேன். விற்ற மாதத்துக்குக் கொண்டுபோவது நியாயமாகத் தோன்றினாலும், அப்படிச் செய்தால் மூடிய மாதங்களின் எண் தினமும் மாறிக்கொண்டிருக்கும், அக்கவுண்ட்ஸ் புத்தகத்தோடு எந்த நாளும் ஒத்துப்போகாது. அதே சமயம் ரிட்டர்னைக் கழித்துவிட்டு மறைத்துவிடவும் கூடாது, மொத்தம், ரிட்டர்ன், நிகரம் மூன்றும் தட்டிப் பார்த்தால் தெரியவேண்டும். ஒரு டிஸ்ட்ரிபியூட்டரின் ரிட்டர்ன் ஏறுகிறது என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பு யாரோ அவருக்கு அதிகமாக ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்கீமைப் பற்றிச் சுருக்கமாக. 10+1 கொடுக்கும்போது அந்த ஒரு பாக்கெட் பில்லில் பூஜ்ய ரூபாய்க்கு வரும், எண்ணிக்கையில் மட்டும் சேரும். அதனால் ரூபாய்க் கணக்கில் இலவசம் தானாகவே விலகிவிடும், எண்ணிக்கைக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். விற்ற எண்ணிக்கை என்று காட்டும் இடத்தில் இலவசத்தைப் பிரித்துக்காட்டுங்கள், கையிருப்பு கணக்கிடும் இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இலவசமாக வந்ததும் அவர் குடோனில்தான் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் இரண்டு விதி என்று எழுதாவிட்டால் எவ்வளவு நல்ல அனலிஸ்டாக இருந்தாலும் ஒரே விதியைத்தான் போடுவார்.

டேட்டா எங்கிருந்து வரும் என்பதை எழுதும்போது சிஸ்டம் பெயரோடு நிறுத்திக்கொள்வது போதாது. யார் அதற்குப் பொறுப்பு, எவ்வளவு தாமதமாக வரும், எங்கே அழுக்கு இருக்கும் என்பதும் வேண்டும். எங்களுக்கு மூன்று இடம்: பிரைமரிக்கு டாலி, செகண்டரிக்கு டிஸ்ட்ரிபியூட்டர்கள் பில் போடும் மென்பொருள், இலக்குக்கு விற்பனை மேலாளர் வைத்திருக்கும் எக்செல்.

டாலியில் முன்தேதியிட்டு வவுச்சர் போடலாம், பழைய வவுச்சரைத் திருத்தலாம். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, ஆனால் அந்த விதி திருத்துவதைத் தடுக்கவில்லை, தடம் வைக்கச் சொல்கிறது. ஆகவே நேற்றைய பில்களை மட்டும் தினமும் சேர்த்துக்கொண்டே போகும் முறை இங்கே உதவாது. ஐந்தாம் தேதி போட்ட பில்லைப் பதினெட்டாம் தேதி திருத்தியிருப்பார்கள், டாஷ்போர்டில் பழையதே நிற்கும். ஒவ்வொரு முறையும் கடைசி 60 நாளை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள் என்றேன். அவருக்கு அது கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் மாத முடிவில் அக்கவுண்ட்ஸோடு உட்கார்ந்து வித்தியாசம் தேடும் வேலை போய்விடும்.

செகண்டரி பக்கம் கதை வேறு. அதே டிஸ்ட்ரிபியூட்டர் டாலியில் ஒரு பெயரில் இருப்பார், அந்த மென்பொருளில் இன்னொரு எழுத்துக்கூட்டலில் இருப்பார். ஜிஎஸ்டி எண்ணை வைத்து இணைத்துவிடலாமே என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். அந்த எண்ணுக்கு உள்ளேயே பான் எண் இருக்கிறது, மூன்றாவது எழுத்திலிருந்து பன்னிரண்டாவது வரை. அப்பா பெயரில் இருந்த ஏஜென்சியை மகன்கள் கூட்டு நிறுவனமாக மாற்றிய மறுநாள் பான் மாறும், ஜிஎஸ்டி எண் மாறும், டாலியில் புது லெட்ஜர் திறக்கும். ஊரும் அதே, குடோனும் அதே, பீட்டும் அதே. ஆனால் டாஷ்போர்டில் ஒருவர் திடீரென்று பூஜ்யமாவார், புதிதாக ஒருவர் முளைப்பார். அதனால் நாமே ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எந்த லெட்ஜர், எந்தச் செகண்டரி ஐடி அதன்கீழ் வருகிறது என்று ஒரு மேப்பிங் ஷீட் வைக்க வேண்டும். அந்த ஷீட் விற்பனைப் பிரிவின் பொறுப்பு, அனலிஸ்டின் பொறுப்பு இல்லை என்பதையும் எழுதினேன். புது லெட்ஜர் வந்து மேப்பிங் இல்லையென்றால் அந்தத் தொகையை விட்டுவிடாமல் 'மேப் ஆகாதவை' என்று தனி வரியில் காட்டவேண்டும். சத்தமில்லாமல் காணாமல் போகும் தொகைதான் டாஷ்போர்டின் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுப்பது.

கடைப் பட்டியலில் இன்னொரு அழுக்கு. ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ், முருகன் ஸ்டோர், முருகன் மளிகை என்று ஒரே கடையை இரண்டு மூன்று சேல்ஸ்மேன்கள் தனித்தனியாகப் பதிந்திருப்பார்கள். வாங்கிய கடைகளின் எண்ணிக்கை இதனால் வீங்கித் தெரியும். சின்னக் கடைகளில் பலவற்றுக்கு ஜிஎஸ்டி எண்ணே இருக்காது, போன் நம்பரை வைத்துத்தான் ஓரளவு சேர்க்க முடியும், அதிலும் சேல்ஸ்மேன் தன் நம்பரையே போட்டிருக்கும் பதிவுகள் உண்டு. ஒரே நம்பரில் பத்துக் கடை இருந்தால் அது கடைக்காரர் நம்பர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பதிப்பில் இதை முழுக்கச் சுத்தம் செய்ய முடியாது என்று ஒப்புக்கொண்டு, அந்த எண்ணை ஒரு டிஸ்ட்ரிபியூட்டரின் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுவோம், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட மாட்டோம் என்று முடிவு செய்தோம்.

ஒப்பீடு என்றதும் தீபாவளி. நொறுக்குத்தீனித் தொழிலில் வருடத்தின் முதுகெலும்பே அந்த ஒரு மாதம்தான், அது காலண்டரில் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. இந்த அக்டோபரைப் போன அக்டோபரோடு வைத்துப் பார்த்தால், போன அக்டோபரில் தீபாவளியின் கடைசி வார விற்பனை இருக்கிறது, இந்த அக்டோபரில் அது நவம்பருக்குப் போய்விட்டது. நன்றாக விற்கும் ஏ.எஸ்.எம். கூட அந்த மாதம் சிவப்பில் தெரிவார். அதனால் சீசனுக்கு மட்டும் காலண்டர் மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தைய 30 நாள் என்று எடுக்கச் சொன்னேன். போன வருடத்துக்கு அது செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 19 வரை, இந்த வருடத்துக்கு அக்டோபர் 9 முதல் நவம்பர் 7 வரை.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போன வருடத்து 30 நாளின் தொடக்கத்திலேயே அந்த வரிக் குறைப்பு விழுகிறது. வரி குறையப்போகிறது என்று தெரிந்ததால் டிஸ்ட்ரிபியூட்டர்கள் செப்டம்பர் முதல் மூன்று வாரம் ஆர்டரைத் தள்ளிப்போட்டு, 22-க்குப் பிறகு மொத்தமாக எடுத்தார்கள். அதனால் போன வருட சீசன் பிரைமரி கொஞ்சம் ஊதிப்போனது, சீசன் விற்பனையோடு காலியான குடோனை நிரப்பியதும் அதில் கலந்திருக்கிறது. இதை டாஷ்போர்டில் எந்தச் சூத்திரத்தாலும் சரிசெய்ய முடியாது. செய்யக்கூடியது இரண்டு: சீசன் ஒப்பீட்டைச் செகண்டரியில் வைப்பது, பக்கத்திலேயே 2024 சீசனையும் (அக்டோபர் 1 முதல் 30 வரை) ஒரு கோடாகப் போடுவது. இரண்டும் பிரீஃபில் உண்டு. 2024 செகண்டரி டேட்டா சில டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு முழுமையாக இல்லை, அவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டவே வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

கடைசித் தேதி. 'செப்டம்பர் 1-க்குள் வேண்டும்' என்று ஒரே தேதி கொடுத்தால் அனலிஸ்ட் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை தனியாக உட்கார்ந்து செய்வார், தவறு இருப்பது செப்டம்பர் 1 அன்றுதான் நமக்குத் தெரியும். ஏன் செப்டம்பர் 1 என்ற காரணத்தைச் சொன்னேன், சீசன் சரக்கு ஏற்றும் திட்டம் செப்டம்பர் நடுவில் பூட்டப்படும், அதற்கு முன் ஏ.எஸ்.எம்.கள் இந்தப் பக்கத்தை இரண்டு வாரமாவது பழகியிருக்க வேண்டும். காரணம் தெரிந்தால் எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது என்று அவரே முடிவெடுப்பார். அதற்குள் இரண்டு நிறுத்தங்கள் வைத்தோம். ஆகஸ்ட் 14-க்குள் படமே வேண்டாம், ஜூலை மாத நிகர பிரைமரி டிஸ்ட்ரிபியூட்டர் வாரியாக ஒரு வெறும் அட்டவணை, அவ்வளவுதான். அது அக்கவுண்ட்ஸ் மூடிய ஜூலைக் கணக்கோடு ரூபாய் சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். 'ஏறத்தாழ' என்பது கிடையாது, ஏனென்றால் இரண்டும் ஒரே டாலியிலிருந்து வருபவை, ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் ஏதோ ஒரு வகை வவுச்சர் விடுபட்டிருக்கிறது. ஆகஸ்ட் 28-க்குள் ஐந்து அளவுகளும் இரண்டு ஏ.எஸ்.எம்.களின் போனில்.

இரண்டாவது நிறுத்தத்துக்கான சோதனை வேறு மாதிரி. கையிருப்பை ஒத்துப்பார்க்க எந்தப் புத்தகமும் இல்லை, குடோனில்தான் இருக்கிறது. ஐந்து டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் சேல்ஸ் ஆபிசர்கள் நேரில் போய் பெட்டிகளை எண்ணி வருவார்கள், அந்த எண்ணும் டாஷ்போர்டும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் விலைப்பட்டியல், இலவசச் சரக்கு, ஏறாத செகண்டரி பில் என்ற இந்த வரிசையில் தேடவேண்டும். எண்ண ஆள் அனுப்புவது என் வேலை, தேதி ஆகஸ்ட் 24 முதல் 26 வரை. பிரீஃபில் நான் செய்துதர வேண்டியவற்றுக்கும் தேதி போட்டுவிட்டேன்: மேப்பிங் ஷீட், விலைப்பட்டியல், ஏ.எஸ்.எம். வாரி இலக்கு எக்செல் மூன்றும் ஆகஸ்ட் 3. நான் ஒரு நாள் தாமதித்தால் அவருடைய தேதியும் ஒரு நாள் தள்ளும்.

தினமும் எத்தனை மணிக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். மேலாளர் லைவாக வேண்டும் என்றார். பவர் பிஐ ப்ரோவில் ஒரு நாளைக்கு 8 முறை வரை தானாகப் புதுப்பிக்க வைக்கலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர்கள் இரவு கடையைப் பூட்டும்போதுதான் செகண்டரியை ஏற்றுகிறார்கள், பகலில் எத்தனை முறை புதுப்பித்தாலும் பாதி பேருடைய எண் நேற்றையதுதான். காலை 7 மணிக்கு ஒரு முறை, மதியம் பிரைமரிக்கு மட்டும் ஒரு முறை என்று முடிந்தது. மாதக் கடைசி மூன்று நாள் மட்டும் பிரைமரி நான்கு முறை.

பாக்கி வசூலையும் சேர்க்கச் சொல்லி நிறையக் கேட்டார்கள். அதை இரண்டாம் பதிப்புக்குத் தள்ளினேன். டிஸ்ட்ரிபியூட்டர்கள் கட்டும் பணத்தில் கணிசமான பகுதி எந்த பில்லுக்கு என்று டாலியில் குறிக்கப்படாமல் 'ஆன் அக்கவுண்ட்' ஆகவே நிற்கிறது, அதைப் பிரித்துப் போடாமல் எத்தனை நாள் பாக்கி என்று காட்டினால் ஒழுங்காகக் கட்டுபவரும் சிவப்பில் வருவார். அக்கவுண்ட்ஸ் அதைச் சரிசெய்ய டிசம்பர் ஆகும் என்கிறார்கள், சீசன் வசூல் முடிந்தபின் அந்த பிரீஃபைத் தனியாக எழுதவேண்டும்.